உடைந்த ஜாடிகள்: கூரியர் நிறுவனத்துக்கு எழுதும் புகார்

"ஐயா, நான் காட்பாடியில் இருந்துகொண்டு கரிகிரி மண் ஜாடிகளை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பிப் பிழைக்கிறேன். ஏப்ரல் 3 அன்று இங்குள்ள ஒரு கூரியர் கிளையில் 12 ஜாடிகளை மதுரைக்கு அனுப்பினேன். ஜாடி ஒன்று 650 ரூபாய், கட்டணம் 520. மொத்த மதிப்பு 7,800 என்று ரசீதில் எழுதினார்கள். 6ஆம் தேதி போய்ச் சேர்ந்தபோது 9 ஜாடிகள் உடைந்திருந்தன. வாடிக்கையாளர் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். கிளையில் கேட்டால் 'பேக்கிங் சரியில்லை' என்கிறார்கள். உண்மையைச் சொன்னால், பபிள் ஷீட் தீர்ந்துபோனதால் இரண்டு ஜாடிகளைச் செய்தித்தாளில்தான் சுற்றினேன். அவை இரண்டும் உடைந்தவற்றில் அடக்கம். புகாரை எப்படி எழுதுவது?"

அந்தச் செய்தித்தாள் விஷயத்தை மறைக்காமல் சொன்னீர்களே, உங்கள் புகாரின் பலமே அதுதான். இந்த இரண்டு ஜாடிகளுக்கும் இழப்பீடு கேட்காதீர்கள். கேட்டால், நிறுவனம் அந்த இரண்டைக் காட்டியே மற்ற ஏழையும் தள்ளிவிடும். கேட்காமல் விட்டு, ஏன் கேட்கவில்லை என்பதையும் நீங்களே எழுதிவிட்டால், "பேக்கிங் சரியில்லை" என்ற பதிலுக்கு அவர்கள் கையில் பிடிமானம் இராது. ஏழு ஜாடிகளுக்கு 650 வீதம் 4,550 ரூபாய். கோர வேண்டியது இதுதான். "மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம்" என்று சேர்க்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். முதல் கடிதத்தில் அது வேண்டாம். 4,550 ரூபாய்க்கான கோரிக்கையைக் கிளை மேலாளரே மேலிடத்துக்குப் பரிந்துரைப்பார். ஐம்பதாயிரம் என்றால் அது நேராக வழக்கறிஞர் மேசைக்குப் போய்விடும்.

இந்தத் தொகை சட்டத்தின் வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்துவிடுவோம். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் லாரிக்காரர்களுக்கு மட்டுமானது என்று பலரும் நினைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனங்களையும் அது பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டி அதிகப் பொறுப்பை எழுதி வாங்காதவரை, நிறுவனத்தின் பொறுப்பு கட்டணத்தைப் போல் பத்து மடங்கு. அதுவும் ரசீதில் குறித்த மதிப்பைத் தாண்டாது என்று 2011ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்கள் கட்டணம் 520. பத்து மடங்கு 5,200. குறித்த மதிப்போ 7,800. ஆக வரம்பு 5,200. உங்கள் கோரிக்கை அதற்குள் அடங்கிவிடுகிறது. அந்த மதிப்புக் கட்டம் காலியாக இருந்திருந்தால், எவ்வளவு இழப்பு என்பதிலேயே தகராறு தொடங்கியிருக்கும்.

இங்கே ஒரு முள் இருக்கிறது. ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் "எங்கள் பொறுப்பு இவ்வளவுதான்" என்று ஒரு சிறு தொகை அச்சிட்டிருக்கலாம். அதன் கீழ் நீங்கள் கையெழுத்திட்டீர்களா என்று பாருங்கள். கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட வரம்பு கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல், ஒரு பன்னாட்டுக் கூரியர் தொடர்பான வழக்கில், தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்து இல்லாமல், யாரும் எடுத்துச் சொல்லாமல் அச்சில் மட்டும் இருந்தால் நீங்கள் மறுத்து வாதாட இடமுண்டு. அப்படியானால் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: "பின்புற நிபந்தனைகள் எனக்குக் காட்டப்படவில்லை, நான் அவற்றில் கையெழுத்திடவும் இல்லை."

வாடிக்கையாளர் திறக்காமல் கையெழுத்திட்டதையும் மறைக்க வேண்டாம். பார்சலைப் பெற்றுக்கொண்டதற்குத்தான் அந்தக் கையெழுத்து. உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது என்பதற்கு அல்ல. எப்போது திறந்தார், பெட்டியின் எந்தப் பக்கம் நசுங்கியிருந்தது என்று அவரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. சட்டம் அந்தச் சுமையை உங்கள் மேல் வைக்கவில்லை. நல்ல நிலையில் ஒப்படைத்தேன், உடைந்து போய்ச் சேர்ந்தது என்று காட்டினால் போதும். ஆகவே "உங்கள் ஆட்கள் தூக்கி எறிந்திருக்கிறார்கள்" என்று எழுதாதீர்கள். நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"பொருள்: ஏப்ரல் 3 அன்று காட்பாடிக் கிளையில் பதிவு செய்த பார்சல் (ரசீது எண் …) சேதமடைந்தது குறித்த அறிவிப்பும் இழப்பீட்டுக் கோரிக்கையும்.

ஐயா,
மேற்கண்ட பார்சலில் 12 மண் ஜாடிகள் மதுரைக்கு அனுப்பப்பட்டன. ரசீதில் குறித்த மதிப்பு ரூ. 7,800, செலுத்திய கட்டணம் ரூ. 520.

ஏப்ரல் 6 அன்று மாலை பார்சல் ஒப்படைக்கப்பட்டது. பெறுபவர் கையெழுத்திட்ட பின், அன்றிரவே திறந்தபோது 9 ஜாடிகள் உடைந்திருந்தன. பெட்டியின் ஒரு மூலை உள்வாங்கி நசுங்கியிருந்தது.

பத்து ஜாடிகள் தனித்தனியே பபிள் ஷீட்டில் சுற்றப்பட்டிருந்தன. இரண்டு, செய்தித்தாளில் மட்டும் சுற்றப்பட்டவை, அவையும் உடைந்தன. அவற்றுக்கு நான் இழப்பீடு கோரவில்லை. மீதி ஏழு ஜாடிகளுக்கு ரூ. 4,550 கோருகிறேன்.

உடைந்த துண்டுகளும் பெட்டியும் மதுரையில் பத்திரமாக உள்ளன. உங்கள் பிரதிநிதி எந்த நாளிலும் பார்வையிடலாம். ரசீது, பில், படங்கள், பெறுபவரின் கடிதம் ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதிலளிக்கக் கோருகிறேன். இது 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படியான அறிவிப்பாகும்."

'அன்றிரவே', 'மூலை' என்று நான் போட்டது மாதிரிக்குத்தான். வாடிக்கையாளர் எழுதித் தருவது எதுவோ அதையே எழுதுங்கள். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கே போட முடியாது. உங்களுக்கு அது செப்டம்பர் 30 வரை. ஆனால் நிறுவனத்தின் சொந்த நிபந்தனையில் சில நாள் கெடு மட்டுமே இருக்கலாம் என்பதால் இந்த வாரமே அனுப்புங்கள். கிளைக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். (கூரியர் மேல் புகாரைக் கூரியரிலேயே அனுப்பியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.) தலைமை அலுவலகம் வெளிமாநிலத்தில் இருந்தால், ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு பக்கம் இணைப்பது நல்லது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதற்கும் பயனில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. மதுரைக்கு அலைய வேண்டாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. "இவர் வியாபாரி, நுகர்வோர் அல்ல" என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அந்தச் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. நீங்கள் ஆள் வைத்து நடத்தும் பெரிய நிறுவனம் அல்ல என்பதை மனுவில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

நடுவில் நிறுவனம் இரண்டாயிரம் தருகிறோம் என்று சமரசத்துக்கு வரலாம். வாங்குவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். வாங்கும்போது நீட்டும் தாளில் "முழுமையான தீர்வாக" என்ற சொற்கள் இருந்தால், அதில் கையெழுத்திட்ட பிறகு மீதி 2,550 ரூபாயைக் கேட்பது கடினம்.

கடிதம் எழுத உட்காருவதற்கு முன், இன்றே மதுரைக்குத் தொலைபேசியில் பேசி, துண்டுகளையும் பெட்டியையும் குப்பையில் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.