மாவு விலையேற்றக் கடிதம்: உளுந்தை மட்டும் காரணம் சொன்னால்

"மயிலாப்பூர்ல வீட்லயே இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். கிலோ 50ஐ 60 ஆக்கணும். உளுந்து விலை ஏறிடுச்சுன்னு கடிதம் கொடுத்தா, 'அதுக்கு இவ்ளோவா?'ன்னு கேக்கறாங்க. எப்படி எழுதறது?"

உளுந்தை மட்டும் சொல்லாதீங்க. பத்து ரூபாயையும் பிரிச்சு எழுதுங்க.

வாங்குறவங்க பாதிப் பேர் தாங்களே அரைச்சுப் பழகினவங்க, கணக்குப் போட்டுடுவாங்க. நாலு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ உளுந்துன்னா, தண்ணி சேர்த்து சுமார் 11 கிலோ மாவு வரும். உளுந்து கிலோவுக்கு 40 ரூபாய் ஏறியிருந்தாலும் மாவுல கிலோவுக்கு நாலு ரூபாய்கூட வராது. இட்லி அரிசி அஞ்சு ரூபாய் ஏறியிருந்தா இன்னொரு ரெண்டு ரூபாய் சேரும். ஆக ஆறுக்குள்ளதான். மிச்சம் எங்கேன்னுதான் கேக்கறாங்க.

உங்க பழைய பில்லையும் புது பில்லையும் வெச்சு இதையே ஒருதடவை போட்டுப் பாருங்க. மிச்சத்துக்குக் கரண்ட், கவர்னு நிஜமான காரணம் இருந்தா இப்படி எழுதலாம்:

"வரும் 1ஆம் தேதி முதல் மாவு கிலோ 60 ரூபாய். அரிசி, உளுந்து விலையால் 6 ரூபாய். கரண்ட், கவர் செலவால் 4 ரூபாய். அளவும் பக்குவமும் மாறாது. முன்பணம் கொடுத்தவர்களுக்கு அது தீரும்வரை பழைய விலையே."

காரணம் இல்லேன்னா 56 போதும். உளுந்தைக் குறைச்சுச் சமாளிக்கலாம்னு மட்டும் போகாதீங்க, இட்லி கல்லாகிடும்.

ஒரு எச்சரிக்கை: பாக்கெட்ல 50ன்னு எம்ஆர்பி அச்சடிச்சிருந்தா அதை 50க்குத்தான் விக்கணும். அதுக்கு மேல வாங்கறது சட்டப்படி தப்பு.