ப்ராக்ஸி தள்ளுபடி, மினிட்ஸில் ‘ஏகமனதாக’: தீர்மானம் நிற்குமா?

கேள்வி: கம்பெனிக் கூட்டத்தில் அப்பாவுக்குப் பதிலாக வாக்களிக்க நான் கொண்டுபோன ப்ராக்ஸி படிவத்தை ‘லேட்டா வந்தது’ என்று சேர்மன் தள்ளிவிட்டார். கூட்டக் குறிப்பான மினிட்ஸில், கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸின் திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதியிருக்கிறார்கள். இதை வைத்து தீர்மானத்தை ரத்து செய்ய முடியுமா?

முதலில் கம்பெனி எந்த வகை என்று பாருங்கள். பங்குச்சந்தையில் இல்லாத பப்ளிக் லிமிடெட், அப்பாவிடம் பத்து சதவீதத்துக்கு மேல் பங்கு என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். இரண்டில் ஒன்று மாறினாலும் பதில் மாறும்.

‘லேட்’ என்றால் எதற்கு லேட்? கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 105-இன்படி, ப்ராக்ஸியைக் கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கும் முன்னால் கொடுத்தாக வேண்டும் என்று ஆர்ட்டிகிள்ஸ் கேட்டாலும், அது 48 மணி நேரம் என்றே படிக்கப்படும். புதன் காலை 11 மணிக்குக் கூட்டம், திங்கள் காலை 10.20-க்கு ஆபீஸில் கொடுத்தீர்கள் என்றால் நேரத்துக்குள்தான். ‘எங்கள் ஆர்ட்டிகிள்ஸில் 72 மணி நேரம்’ என்று சேர்மன் சொன்னால் அது எடுபடாது. ஆனால் பிரைவேட் லிமிடெட் என்றால் கவனம். 2015 ஜூன் 5 அறிவிக்கையின்படி பிரிவுகள் 101 முதல் 107 வரையிலும் 109-ம் பிரைவேட் கம்பெனிக்கு ‘ஆர்ட்டிகிள்ஸில் வேறு மாதிரி சொல்லாதவரை’ மட்டுமே பொருந்தும். அங்கே அந்த 72 மணி நேரம் நிற்க வாய்ப்புண்டு. ஆண்டு கணக்கையும் ஆண்டு ரிட்டர்னையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் வைத்திருக்கும் கம்பெனிக்கு இந்தச் சலுகை கிடையாது, அதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் பக்கத்து ஓட்டைகள். ப்ராக்ஸி நியமிக்கும் எம்.ஜி.டி-11 படிவத்தில் அப்பா கையெழுத்து, தேதி, ரெவின்யூ ஸ்டாம்ப், உங்கள் பெயர் எல்லாம் இருந்ததா? தேதி இல்லாத, ஸ்டாம்ப் ஒட்டாத ப்ராக்ஸியைத் தள்ள, பொதுக்கூட்டங்களுக்கான செயலகத் தரநிலை-2 இடம் கொடுக்கிறது. பலரும் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. ஒரே ஆள் 50 உறுப்பினர் வரைக்கும், மொத்தமாக வாக்குரிமைப் பங்கு மூலதனத்தில் 10 சதவீதம் வரைக்கும்தான் ப்ராக்ஸியாக நிற்கலாம். பத்து சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் ஒரே ஆளை நியமிக்கலாம், ஆனால் அந்த ஆள் வேறு யாருக்கும் ப்ராக்ஸியாக இருக்கக் கூடாது. அப்பாவுடையதோடு அத்தையுடையதையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தால், ‘லேட்’ என்ற வாதம் தோற்றாலும் எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளும்.

ப்ராக்ஸி சரிதான், தள்ளியது தவறு என்றே வைத்துக்கொள்வோம். அதனால் மட்டும் தீர்மானம் விழுந்துவிடாது. இந்த இடத்தில்தான் ஆளாளுக்கு ‘நடைமுறைத் தப்பு, எல்லாம் செல்லாது’ என்று பின்னூட்டம் போடுகிறார்கள். தயவுசெய்து கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் எண்ணிக்கை சொல்லாததால் உதாரணத்துக்கு: மொத்தம் 10,000 பங்கு, ஒரு பங்குக்கு ஒரு வாக்கு. ஆதரவு 6,600, எதிர்ப்பு 1,900, தள்ளப்பட்ட உங்கள் ப்ராக்ஸி 1,500. ஆர்ட்டிகிள்ஸ் திருத்தம் சிறப்புத் தீர்மானம். ஆதரவு வாக்கு எதிர்ப்பைப் போல் குறைந்தது மூன்று மடங்கு வேண்டும். உங்களை விட்டுவிட்டால் 1,900-இன் மூன்று மடங்கு 5,700, தீர்மானம் பாஸ். உங்களைச் சேர்த்தால் எதிர்ப்பு 3,400, தேவை 10,200, தீர்மானம் தோல்வி. ஆக, முடிவையே மாற்றிய தவறு இது. இதே கூட்டத்தில் சாதாரணத் தீர்மானம் ஒன்றும் வந்திருந்தால் 6,600-க்கு எதிராக 3,400, உங்களைச் சேர்த்தாலும் பாஸ்தான். அதை எதிர்த்துப் போய்ப் பயனில்லை.

இங்கிலாந்தின் இரண்டு பழைய தீர்ப்புகள் இந்த வித்தியாசத்தைக் காட்டும். 1875-இல் மக்டூகல் எதிர் கார்டினர் வழக்கில் சேர்மன் வாக்குச்சீட்டு எடுப்பை மறுத்தார். பெரும்பான்மை நினைத்தால் சரிசெய்துகொள்ளக்கூடிய உள்விவகாரம் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. 1877-இல் பெண்டர் எதிர் லஷிங்டன் வழக்கில் வாக்குகளையே சேர்மன் ஏற்க மறுத்தார். தன் வாக்கு எண்ணப்பட வேண்டும் என்பது உறுப்பினரின் சொந்த உரிமை என்று நீதிமன்றம் தலையிட்டது. உங்கள் மனு இரண்டாவது வழக்கின் சாயலில் இருக்க வேண்டும். ‘விதிமுறை மீறல்’ என்று பொதுவாக எழுதாமல், ‘1,500 வாக்குகள் எண்ணப்படவில்லை, எண்ணியிருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும்’ என்று முதல் பத்தியிலேயே வரட்டும்.

இனி நீங்கள் சொல்லாமல் விட்ட, ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம்: வாக்கெடுப்பு கைதூக்கி நடந்ததா, வாக்குச்சீட்டில் நடந்ததா? கைதூக்கும்போது ப்ராக்ஸிக்கு வாக்கே இல்லை, பேசவும் உரிமையில்லை. சீட்டு எடுப்பு வந்தால்தான் வாக்கு. ஆனால் சீட்டு எடுப்பைக் கேட்கும் உரிமை ப்ராக்ஸிக்கு உண்டு. மொத்த வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கோ, 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் செலுத்தப்பட்ட பங்கோ கையில் இருந்தால், கைதூக்கல் முடிவை அறிவிப்பதற்கு முன்போ அறிவிக்கும்போதோ கேட்கலாம். கேட்டால் சேர்மன் உத்தரவிட்டே ஆக வேண்டும். யாருமே கேட்கவில்லை என்றால், கைதூக்கலில் பாஸானதாக சேர்மன் அறிவித்து மினிட்ஸில் ஏறியதே முடிவான சாட்சி. எத்தனை கை என்று பிறகு யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. ஆகவே நீங்களோ, அந்த 1,900 பங்கை வைத்து எதிர்த்தவர்களோ சீட்டு எடுப்பு கேட்டீர்களா, அதற்குச் சாட்சி உண்டா என்பதைத்தான் வக்கீல் முதலில் கேட்பார்.

மினிட்ஸுக்கு வருவோம். கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் புத்தகத்தில் ஏற்றி சேர்மன் கையெழுத்திட வேண்டும். அப்படி இருந்தால் அது சாட்சி; மாறாக நிரூபிக்கும்வரை கூட்டம் முறையாகக் கூடி நடந்ததாகவே கொள்ளப்படும். நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். (என் நெடுநாள் எரிச்சல்: போன வருஷ மினிட்ஸை எடுத்து தேதியை மட்டும் மாற்றி ‘ஏகமனதாக’ என்று ஒட்டிவிடும் பழக்கம். எதிர்த்தவர் எதிரே உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சொல் மட்டும் போகாது.) அவதூறானது, சம்பந்தமில்லாதது, கம்பெனி நலனுக்குக் கேடானது என்று சேர்மன் சிலவற்றை விடலாம். ப்ராக்ஸியைத் தள்ளியதும் சீட்டு எடுப்பு கேட்டதும் அந்த வகையில் சேராது.

பிரிவு 119-இன்படி பொதுக்கூட்ட மினிட்ஸை உறுப்பினர் இலவசமாகப் பார்க்கலாம். கட்டணம் கட்டினால் ஏழு வேலைநாளுக்குள் நகல் தர வேண்டும். அப்பா பெயரில் எழுதிக் கேளுங்கள். நகல் வந்ததும் எத்தனை ப்ராக்ஸி, எத்தனை பங்குக்கு என்ற வரியைத் தேடுங்கள்; தரநிலைப்படி அது இருக்க வேண்டும். பக்க எண் தொடர்ச்சி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, கடைசிப் பக்கத்துத் தேதி, ஒட்டுக்காகிதம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். பிறகு தீர்மானத்தைத் தெரிவிக்கப் பதிவாளரிடம் போன எம்.ஜி.டி-14 படிவத்துடன் ஒப்பிடுங்கள். மினிட்ஸைத் திருத்தியது நிரூபணமானால் இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு என்பதால், அந்தக் குற்றச்சாட்டைக் கோபத்தில் எழுதாதீர்கள்; ஆதாரம் இருந்தால் மட்டும்.

உங்கள் பக்கம் இருக்க வேண்டியவை: ஆபீஸ் சீலும் நேரமும் போட்ட ப்ராக்ஸி ரசீது, கூட்டம் நடந்த அன்றோ மறுநாளோ அனுப்பிய எழுத்து ஆட்சேபணை. பல கம்பெனிகளின் ஆர்ட்டிகிள்ஸில் ‘வாக்காளர் தகுதி பற்றிய ஆட்சேபணையை அந்தக் கூட்டத்திலேயே எழுப்ப வேண்டும், சேர்மன் முடிவே இறுதி’ என்ற விதி இருக்கும். நேர்மையாக எடுத்த முடிவுக்கு அது பெரிய கவசம். சட்டமே 48 மணி நேரம் என்று சொல்லியிருக்கும்போது 72 என்று பிடிவாதம் பிடித்தவருக்கு அது அவ்வளவு உதவாது என்பது என் கருத்து; மறுக்கும் வக்கீல்களும் இருப்பார்கள்.

போக வேண்டிய இடம் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமான என்.சி.எல்.டி; உறுப்பினர் நலனுக்கு எதிராகக் கம்பெனி நடத்தப்படுவது பற்றிய பிரிவு 241-இன்கீழ். பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் மனு போடலாம். நம் உதாரணத்தில் 1,500 பங்கு அதைத் தாண்டுகிறது. திருத்தப்பட்ட ஆர்ட்டிகிள்ஸை வைத்து கம்பெனி அடுத்த வேலைகளில் இறங்குவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு கேளுங்கள். தாமதித்தால் ‘அன்றைக்கு ஒப்புக்கொண்டாய்’ என்பார்கள். அவர்கள் மறுபடி 21 நாள் நோட்டீஸ் கொடுத்துக் கூட்டம் கூட்டினாலும், இந்தக் கணக்கில் 6,600 பங்கை வைத்துக்கொண்டு அதே திருத்தத்தை நிறைவேற்ற முடியாது. அப்பாவே நேரில் போகட்டும், ப்ராக்ஸி பேச்சுக்கே இடமிருக்காது.