சுவருக்கு நடுவே இருக்கும் காற்று: வெப்பக் கணக்கில் கேள்வி பதில்

கேள்வி (மாணவர்): 12 சதுர மீட்டர் சுவர். இருபுறமும் 15 மி.மீ. பூச்சு, 110 மி.மீ. செங்கல் வரிசை இரண்டு, நடுவில் 50 மி.மீ. காற்று இடைவெளி. உள்ளே 22 டிகிரி, வெளியே 2. ஒவ்வொரு அடுக்கும் வெப்பத்துக்குக் கொடுக்கும் தடையைக் கூட்டிப் பார்த்தால் 99 வாட்தான் போகிறது. அப்படியென்றால் இன்சுலேஷனே வேண்டாமா?

பதில்: கூட்டிய முறை சரி, காற்றுக்குப் போட்ட எண்தான் தப்பு. 0.05 மீட்டரை காற்றின் கடத்துத்திறன் 0.026-ஆல் வகுத்து 1.92 என்று எடுத்திருக்கிறீர்கள். காற்று அசையாமல் நின்று, கடத்தல் மட்டுமே நடந்தால் அது சரி. ஆனால் இடைவெளிக்குள் காற்று மேலும் கீழும் சுழல்கிறது. அதைவிடப் பெரிய வழி ஒன்று உண்டு: சூடான செங்கல் முகம் எதிர் முகத்துக்குக் கதிர்வீச்சாகவே வெப்பத்தை அனுப்பிவிடுகிறது. அதற்குக் காற்றே தேவையில்லை. எல்லாம் சேர்த்தால் இடைவெளியின் தடை ஏறக்குறைய 0.18 m²K/W மட்டுமே.

இப்போது மறுபடி கூட்டுங்கள். பூச்சின் கடத்துத்திறன் 0.75 என்றால் இரண்டு பூச்சுக்கும் சேர்த்து 0.04. செங்கல் 0.77 என்றால் இரண்டு வரிசைக்கும் 0.29. இடைவெளி 0.18. சுவரின் இரு பரப்பையும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்துக்கு உள்ளே 0.13, வெளியே 0.04. மொத்தம் 0.68.

```
Q = A × ΔT / R
  = 12 × 20 / 0.68 ≈ 353 W
```

உங்கள் விடையைப் போல மூன்றரை மடங்கு. கையோடு ஒன்றைச் சரிபார்க்கலாம். வெப்பநிலை இறக்கம் தடையின் விகிதத்தில்தான் பிரியும். அதனால் உட்பரப்பு அறைக் காற்றைவிட 20 × 0.13 / 0.68, அதாவது 3.8 டிகிரி குளிர்ந்து, 18.2-இல் இருக்கும். உங்கள் கணக்குப்படி அது 20.9-இல் இருக்க வேண்டும். வெளியே குளிர் பல மணி நேரம் மாறாமல் இருக்கும்போது வெப்பமானியைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் எது உண்மை என்று தெரிந்துவிடும்.

கேள்வி (மேஸ்திரி): அப்போ இடைவெளியை 100 மி.மீ. ஆக்கிவிட்டால் தடை இரட்டிப்பாகும் அல்லவா?

பதில்: ஆகாது. சுமார் 25 மி.மீ. தாண்டியதும் தடை ஏறுவதே நின்றுவிடும். அகலம் கூடினால் கதிர்வீச்சு குறையாது, காற்று சுழல இன்னும் இடம்தான் கிடைக்கும். காற்றை வைத்தே பயன் வேண்டும் என்றால், பளபளப்பான அலுமினியத் தாளை ஒரு முகத்தில் ஒட்டுங்கள். தடை 0.6-க்கு மேல் போகும். ஆனால் அந்தப் பளபளப்பு காற்றைப் பார்த்தபடி இருக்க வேண்டும். செங்கலோடு ஒட்டி மூடிப்போன தாளால் பயனில்லை, தூசி படிந்தாலும் பலன் குறையும்.

கேள்வி (வீடு கட்டுபவர்): இடைவெளி முழுவதையும் 50 மி.மீ. இன்சுலேஷனால் நிரப்பப் போகிறேன். 0.68 + 1.43 = 2.11 என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பாதி சரி. கடத்துத்திறன் 0.035 என்றால் இன்சுலேஷனுக்கு 1.43 என்பது சரிதான். ஆனால் நிரப்பிய பிறகு காற்று எங்கே இருக்கிறது? அதன் 0.18-ஐக் கழித்துவிடுங்கள்: 1.93. இழப்பு 124 வாட். அதே தகட்டைச் சுவரின் உட்புறத்தில் ஒட்டி, இடைவெளியை அப்படியே விட்டால்தான் 2.11, 114 வாட். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் உள்ளே ஒட்டினால் செங்கல் முழுவதும் குளிர்ந்துபோகும், அறையின் ஈரம் தகட்டுக்குப் பின்னால் போய்த் தண்ணீராகப் படிய வாய்ப்புண்டு. எனக்கு நிரப்புவதே பிடிக்கும், மழை ஈரம் உள் வரிசைக்குத் தாவாது என்று உறுதியானால்.

கேள்வி (இன்னொருவர்): என் வீட்டுச் சுவர் இரவு எட்டு மணிக்குத்தான் அதிகம் சுடுகிறது. இந்தக் கணக்கில் எந்தத் தடை அதற்குக் காரணம்?

பதில்: எதுவுமே இல்லை. இது இரு பக்க வெப்பநிலையும் மாறாமல் நிற்கும்போது மட்டும் பொருந்தும் கணக்கு. செங்கல் பகலில் வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு விடுகிறது. அந்தத் தாமதத்துக்கு அடர்த்தியும் வெப்ப ஏற்புத்திறனும் வேண்டும், அது வேறு கணக்கு.

கேள்வி (மாணவர் மீண்டும்): சுவரில் பத்தில் ஒரு பங்கு கான்கிரீட் தூணாக இருந்தால்?

பதில்: அங்கே கூட்டல் மட்டும் போதாது. தூண் வழியாக ஒரு பாதை, மற்ற பகுதி வழியாக இன்னொரு பாதை. வெப்பம் பக்கவாட்டில் போகாது என்று வைத்துக்கொண்டு இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுப் பரப்பின் விகிதத்தில் சேர்த்தால் இழப்பு குறைவாக வரும். பக்கவாட்டில் தாராளமாகப் பரவும் என்று வைத்தால் கூடுதலாக வரும். உண்மை இரண்டுக்கும் நடுவில். கட்டடப் பகுதிகளின் வெப்பத் தடையைக் கணக்கிடும் ISO 6946 தரநிலை, இரண்டு வழியிலும் கிடைக்கும் மொத்தத் தடைகளின் சராசரியை எடுக்கச் சொல்கிறது. கான்கிரீட்டுக்கு நான் அதையே செய்வேன். இன்சுலேஷனை ஊடுருவிப் போகும் இரும்புச் சட்டம் என்றால் அந்தச் சராசரியை நம்ப மாட்டேன். அதைக் கையால் போட்டுத் தீர்க்க முடியாது.