குரூப் போட்டோவில் ஆளுக்கொரு மாஸ்க்: கேள்வி பதில்

கரூர், கல்யாண ஆல்பம் வேலை: பின்னால் நிற்பவரின் நீலச் சட்டையைப் பச்சையாக்கினேன், முன்னால் இருக்கும் அம்மாவின் சிவப்புச் சேலையை ஊதாவாக்கினேன். மாஸ்க் சுத்தமாகத்தான் வெட்டினேன். ஆனாலும் நடுவில் பழைய நிறத்தில் மெல்லிய கோடு தெரிகிறது. ஏன்?

அந்தச் சுத்தம்தான் காரணம். ஓரம் மென்மையாக இருக்கும் இடத்தில் இரண்டு மாஸ்க்குமே பாதிதான் மூடுகின்றன. கீழே இருப்பது பாதியை மூடும், மேலே இருப்பது மிச்சத்தில் பாதியை மூடும். ஆகவே 25 சதவீதம் பழைய படம் அப்படியே நிற்கும். அதுதான் உங்கள் கோடு.

பின்னால் நிற்பவரின் மாஸ்க்கைச் சேலை ஓரத்தோடு நிறுத்தாதீர்கள். சேலைக்கு அடியில் தாராளமாக உள்ளே போகட்டும். எல்லையை முன்னால் இருப்பவரின் மாஸ்க் மட்டும் முடிவு செய்யட்டும். போட்டோஷாப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு லேயர் குரூப் போடுங்கள். அதற்குள் அடியில் அசல் படத்தின் நகல், மேலே நிறம் மாற்றும் லேயர்கள். மாஸ்க் குரூப்புக்குத்தான், உள்ளே இருக்கும் லேயர்களுக்கு இல்லை. குரூப்பின் முறை `Pass Through` என்று இருந்தால் `Normal` ஆக்குங்கள். பின்வரிசைக்காரர் கீழே, முன்வரிசைக்காரர் மேலே. அசல் நகல் உள்ளேயே இருப்பதால், சட்டைக்குச் செய்த மாற்றம் சேலையில் ஏறாது. ஓரத்தில் பாதி ஊதா, பாதி பச்சை வரும். பழைய நிறத்துக்கு அங்கே இடமே இருக்காது.

சரிபார்க்க, ஒவ்வொரு குரூப்பிலும் கண்ணைப் பறிக்கும் ஒரு நிறத்தைத் தற்காலிகமாக நிரப்பிப் பாருங்கள். விட்டுப்போன இடம் உடனே தெரியும். அப்புறம் நீக்கிவிடலாம்.

மதுரை, ஃப்ரீலான்ஸ்: இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? `Hue/Saturation` திறந்து `Reds` மட்டும் நகர்த்தினால் எல்லாச் சிவப்புச் சேலையும் ஒரே தட்டில் மாறிவிடுமே.

மாறும். கூடவே குங்குமம், உதடு, பாதித் தோல் நிறமும் மாறும். எல்லாரும் ஒரே நிறத்துக்குப் போவார்கள் என்பது வேறு. ஆனால் உங்கள் யோசனையில் பாதி சரி. ஒருவரின் மாஸ்க்குக்குள் இதையே செய்யுங்கள். `Reds` மட்டும் நகர்ந்தால், `Yellows` பக்கம் இருக்கும் ஜரிகை பெரும்பாலும் தப்பிக்கும். ஜரிகைக்குத் தனி மாஸ்க் வெட்டும் வேலை குறையும்.

கோவை, பிரிண்ட் லேப்: குரூப்புக்கு ஒரு அசல் நகல் என்பது சின்னப் படத்துக்குச் சரி. எங்களிடம் நாற்பது பேர் நிற்கும் படம் வருகிறது. PSD 2 ஜிபி தாண்டினால் சேமிக்கவே முடியாது.

உண்மைதான். PSB வடிவில் சேமிக்கலாம், ஆனால் கம்ப்யூட்டர் திணறும். யாரோடும் ஒட்டாமல் நிற்பவர்களுக்கு நகல் தேவையில்லை, வெறும் மாஸ்க் போதும். ஒட்டி நிற்பவர்களின் நகலிலும், அவர்கள் உடைக்கு வெளியே இருப்பதை வெட்டி எறிந்துவிடலாம். அந்த மாஸ்க்கைச் சுற்றிக் கொஞ்சம் இடம் மட்டும் விடுங்கள்.

தஞ்சாவூர்: மஞ்சள் சட்டையைக் கருநீலம் ஆக்கினேன். `Color` முறையில் நிறம் நிரப்பினாலும் வெளிறிய நீலமாகத்தான் வருகிறது.

`Color` முறை நிறத்தைத்தான் மாற்றும், வெளிச்சத்தைத் தொடாது. போட்டோஷாப்பின் கணக்கில் பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 பங்கு. அப்படியானால் முழு மஞ்சளின் வெளிச்சம் 89, முழு நீலத்துக்கு வெறும் 11. நிற லேயருக்கு அடியில், அதே குரூப்புக்குள், `Curves` வைத்து இறக்குங்கள். மடிப்புகளின் நிழல் ஒன்றோடொன்று கலந்து கறுப்பாகிவிட்டால் அளவுக்கு மேல் இறக்கிவிட்டீர்கள். எதிர்த்திசை இன்னும் கஷ்டம்: கறுப்புச் சட்டையை மஞ்சளாக்கப் போனால் இருட்டில் ஒளிந்திருந்த புள்ளி புள்ளி இரைச்சல் எல்லாம் மேலே வரும். அந்த வேலையை நான் வாங்குவதில்லை.

பெயர் போடாதவர்: என் தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் கொடுக்கணும். இதே முறையா?

மாஸ்க் அடுக்கும் விதம் இதேதான். `Hue/Saturation`-ல் `Colorize` டிக் செய்யுங்கள். சும்மா `Hue` நகர்த்தினால் சாம்பல் அசையாது. தோலுக்கு நிறம் கொடுப்பது தனிக் கதை, அதை இங்கே கலக்க வேண்டாம்.

காஞ்சிபுரம்: மயில்கழுத்துப் பட்டு ஒரு பக்கம் பச்சையாகவும், திரும்பும் இடத்தில் நீலமாகவும் தெரிகிறது. ஒரே மாஸ்க்கில் மாற்றினால் உயிரே போய்விடுகிறது.

நிறத்தை நிரப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும், அதனால் `Hue` மட்டும் நகர்த்துங்கள். பச்சையும் நீலமும் சேர்ந்தே நகரும், இடைவெளி அப்படியே இருக்கும். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் "இந்தப் பக்கம் அரக்கு, அந்தப் பக்கம் கத்தரிப்பூ" என்று இரண்டையும் குறித்துக் கேட்டால்? மாஸ்க்குக்குள் வெளிச்சத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தேன், மடிப்பு இருக்கும் இடமெல்லாம் தப்பாகப் பிரிகிறது. நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.