மருத்துவர் பதில்: நோட்டில் எல்லாம் நார்மல், பாட்டி மட்டும் சரியில்லை

கேள்வி: டாக்டர், நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். காலை, மாலை பி.பி., பல்ஸ், சுகர் எல்லாம் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். ஆனால் எந்த நம்பர் வந்தால் டாக்டருக்கு போன் போடணும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சும்மா கூப்பிட்டால் திட்டு, கூப்பிடாமல் விட்டால் பழி. ஒரு செக்லிஸ்ட் தர முடியுமா? – வாசகி, ஈரோடு

பதில்: ஒவ்வொருவரின் நோட்டிலும் முதல் பக்கத்தைக் காலியாக ஒதுக்குங்கள். அவர் நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில் எடுத்த பி.பி., பல்ஸ், மூச்சு, ஆக்சிஜன், உடல் சூடு ஆகியவற்றை அதில் பெரிதாக எழுதி வையுங்கள். கூடவே அவர் எப்படிப் பேசுவார், எத்தனை இட்லி சாப்பிடுவார், கழிப்பறைக்குத் தானே நடந்து போவாரா என்பதையும் எழுதுங்கள். இந்தப் பக்கம் இல்லாவிட்டால் மற்ற பக்கங்களில் எழுதுவதற்கெல்லாம் பாதி அர்த்தம்தான்.

ஏன் என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். 78 வயது பாட்டி ஒருவர். நன்றாக இருக்கும்போது அவருடைய பி.பி. 142/80, பல்ஸ் 72, மூச்சு நிமிடத்துக்கு 16, ஆக்சிஜன் 97, சூடு 97.4 டிகிரி. ஒரு நாள் மதியம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். மாலை 5 மணிக்குப் பார்த்தால் பி.பி. 118/70, பல்ஸ் 96, மூச்சு 22, ஆக்சிஜன் 95, சூடு 99. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. 118/70 என்றால் ‘அருமையான பி.பி.’ என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் இந்தப் பாட்டிக்கு அது 24 புள்ளி இறக்கம். பல்ஸ் ஏறியிருக்கிறது, மூச்சு ஏறியிருக்கிறது, பி.பி. இறங்கியிருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் இப்படி நகர்ந்தால், உடலுக்குள் கிருமித் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ வேறு ஏதோ ஒன்றோ நடக்கிறது என்று பொருள். அப்போதே டாக்டருக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்தில் மறுபடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அடுத்த நாள் காலை வரை விடக்கூடாது.

அப்படி விட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அன்று இரவு 7 மணிக்கு பி.பி. 106/64, பல்ஸ் 104, மூச்சு 24, ஆக்சிஜன் 94, சூடு 99.4. தினமும் பார்த்துக்கொள்ளும் பெண்ணை யாரென்று கேட்கிறார். இப்போது இது அவசரம், ஆம்புலன்ஸ் வர வேண்டிய நிலை. பிரிட்டனில் ‘நியூஸ் 2’ என்றொரு மதிப்பெண் முறை இருக்கிறது. இதே அளவுகளுக்கு ஒவ்வொன்றாக மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். 5 வந்தால் உடனடியாக மருத்துவர் பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசர நிலை. மேலே சொன்ன பாட்டிக்கு 5 மணிக்கு 4 வருகிறது, 7 மணிக்கு 8. அந்த 8இல் 3, புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டுமே. வயதானால் அப்படித்தான் என்று நாம் தள்ளிவிடும் விஷயத்துக்குத்தான் அத்தனை மதிப்பு.

சூட்டைக் கவனித்தீர்களா? 99.4ஐ யாரும் காய்ச்சல் என்று எழுத மாட்டார்கள். முதியவர்களுக்குப் பெரிய தொற்றிலும் உடம்பு கொதிக்காமல் இருக்கலாம். அதனால் வாயில் வைத்துப் பார்த்து 100ஐத் தாண்டினாலும் காய்ச்சல், அவருடைய வழக்கத்தைவிட 2 டிகிரி கூடினாலும் காய்ச்சல்.

இந்த எண்களில் நம் நோட்டுகளில் பெரும்பாலும் இல்லாதது மூச்சு. இருந்தாலும் எல்லோருக்கும் வரிசையாக 18, 18 என்றிருக்கும். எண்ணாமல் எழுதியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். எண்ணுவதற்குக் கடிகாரம் போதும். மணிக்கட்டில் பல்ஸ் பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும், அதனால் சொல்லாதீர்கள். நெஞ்சோ வயிறோ ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 20ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் 21 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டருக்குச் சொல்லுங்கள். 25ஐத் தொட்டால் தாமதிக்காதீர்கள்.

பி.பி. திடீரென்று மாறினால் முதலில் அளந்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாரா, கை நெஞ்சு உயரத்தில் இருந்ததா, பி.பி. கருவியின் பட்டை, சேலை அல்லது ஸ்வெட்டர் மேல் சுற்றப்பட்டதா? சரி செய்து இன்னொரு முறை பாருங்கள். ஆக்சிஜன் கருவிக்கும் அப்படித்தான். விரல் குளிர்ந்திருந்தாலோ மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலோ தவறாகக் காட்டும். வேறு விரலில் மாட்டி, எண் நிலையாக நிற்கும் வரை காத்திருங்கள். அப்போதும் 91 அல்லது அதற்குக் கீழே என்றால் அவசரம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு மட்டும் 88 முதல் 92 வரை போதும் என்று டாக்டரே வைத்திருப்பார். அதை அவர் கையாலேயே முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளின் பெயரும் அதே பக்கத்தில் இருக்கட்டும். மெட்டோபிரோலால், அட்டெனோலால் சாப்பிடுபவருக்குப் பல்ஸ் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாது. 80ஐப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்குச் சுகர் 70க்குக் கீழே போனால், விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அந்த மாத்திரையின் வேகம் பல மணி நேரம் இருக்கும், சுகர் திரும்ப இறங்கும். ஏதாவது சாப்பிட வைத்து, டாக்டருக்கும் சொல்லிவிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும்.

டாக்டருக்காகக் காத்திருக்காமல் நேராக 108ஐ அழைக்க வேண்டியவை: எழுப்பினாலும் எழாதது, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, வலிப்பு, வியர்வையோடு நெஞ்சுவலி, மூச்சுவிட முடியாமல் திணறுவது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபடுவது. கடைசியாகச் சொன்னதில், ‘நன்றாகத்தான் பேசுகிறார்’ என்று ஏமாற வேண்டாம். உள்ளே ரத்தம் மெதுவாகக் கசியலாம்.

அப்புறம், திட்டு வாங்குவது பற்றி. ‘பாட்டிக்கு ஒரு மாதிரி இருக்கு டாக்டர்’ என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “டாக்டர், இரண்டாவது மாடி பாட்டி, 78 வயது, சுகர், பி.பி. உண்டு. மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. வழக்கமாக பி.பி. 142, இப்போது 118. பல்ஸ் 72லிருந்து 96, மூச்சு 16லிருந்து 22. சுகர் 160. இரண்டு முறை பார்த்துவிட்டேன். நீங்கள் வந்து பார்க்கிறீர்களா, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டுமா?” அரை நிமிடம்தான் ஆகும். பேசும் முன் நோட்டும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

போனை வைத்ததும் எத்தனை மணிக்குப் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார், மறுபடி எப்போது பார்க்கச் சொன்னார் என்று அதே வரியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டாக்டர் எடுக்கவில்லை என்றால் அதையும் நேரத்தோடு எழுதி, பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் யாரும் கிடைக்காமல் எண்கள் இன்னும் மோசமானால் 108ஐ அழையுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.