லீவ் லெட்டர்ல "படுத்த படுக்கை" வேணாமே

கும்பகோணத்துல வேலைக்கு சேர்ந்திருக்கேன், தமிழ்ல லீவ் லெட்டர் எழுதினா நாடக வசனம் மாதிரி இருக்குன்னு சிரிக்கிறாங்க, எந்த வார்த்தைய மாத்தணும்?

ரெண்டு நாள் காய்ச்சலுக்கு "கடும் சுரத்தால் அவதியுற்று படுத்த படுக்கையாக உள்ளேன்"னு எழுதினா சிரிக்கத்தாங்க செய்வாங்க. படுத்த படுக்கைன்னா எழுந்திருக்கவே முடியாம கிடக்குறதுன்னு அர்த்தம், நான் ஒருதடவை மன்னார்குடில இருந்து இப்படி எழுதி அனுப்பி, மேனேஜர் பதறிப்போய் எந்த ஆஸ்பத்திரின்னு போன் பண்ணிட்டாரு. இப்படி எழுதுங்க: "ஐயா, காய்ச்சல் காரணமாக 12, 13 தேதிகளில் விடுப்பு வேண்டுகிறேன்." "தங்கள் மேலான சமூகத்திற்கு", "கீழ்ப்படிதலுள்ள" ரெண்டையும் தூக்கிடுங்க, முடிவுல "இப்படிக்கு" போதும். "வேண்டுகிறேன்"லயே பணிவு இருக்கு, "விடுப்பு வேண்டும்"னு முடிச்சா அதட்டுற மாதிரி ஆயிடும். அப்புறம் விடுமுறைன்னு போடாதீங்க, அது தீபாவளி மாதிரி எல்லாருக்கும் விடுறது, நீங்க மட்டும் எடுக்குறது விடுப்பு.