12 பக்கக் கட்டுரையை 8 நிமிடப் பேச்சாக்குவது எப்படி?

“பெங்களூரில் ஏரி நுரை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கட்டுரை 12 பக்கம், 7 படம், 4 அட்டவணை. மாநாட்டில் பத்து நிமிடம்தான் தருகிறார்கள். முதல் முயற்சியிலேயே 23 ஸ்லைடு வந்துவிட்டது. எதை வெட்டுவது என்றே தெரியவில்லை. கட்டுரையை இணைத்திருக்கிறேன்.”
– வாசகி, வர்த்தூர், பெங்களூரு

வெட்டத் தொடங்காதீர்கள். 23 ஸ்லைடிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினாலும் மிஞ்சுவது கட்டுரையின் அதே வரிசைதான்: முன்னுரை, முந்தைய ஆய்வுகள், முறை, முடிவு, விவாதம். அது படிப்பவருக்காக ஏற்பட்ட வரிசை. அவர் முறையைத் தாண்டி நேரே படத்துக்குப் போவார், புரியாவிட்டால் திரும்பப் புரட்டுவார். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அந்த வரிசையிலேயே பேசினால் உங்கள் முக்கியமான படம் ஏழாவது நிமிடத்தில் திரைக்கு வரும். விளக்கி முடிக்கும் முன் நேரம் தீர்ந்துவிடும். ஆகவே வெற்று ஸ்லைடை எடுத்து, முடிவிலிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள்.

அதற்கு முன், பத்து நிமிடத்தில் கேள்வி நேரமும் அடக்கமா என்று அமைப்பாளர்களிடம் கேட்டுவிடுங்கள். பதில் வராவிட்டால் அடக்கம் என்றே வைத்துக்கொண்டு 8 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். படத்தைச் சுட்டிக்காட்டி நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 ஆங்கிலச் சொற்கள் போகும். மொத்தம் 950 சொல். உங்கள் கட்டுரையின் முன்னுரையே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது.

இப்போது ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். “ஏரி நுரையின் காரணிகள்” என்பது தலைப்பு. அதை யாரும் மறுக்க முடியாது, அதனால் அதை வைத்துப் பேச்சைக் கட்டவும் முடியாது. உங்கள் கட்டுரை உண்மையில் சொல்வது இது: மழைக்குப் பின் பொங்கும் நுரைக்கு, அன்று வந்து சேரும் கழிவுநீரைவிட, அடிவண்டலில் ஏற்கெனவே ஒட்டிக் கிடந்த டிடர்ஜென்ட்தான் பெரிய காரணம். இதை ஒருவர் மறுக்கலாம். மறுப்பவரை ஏற்கவைக்க எந்தப் படங்கள் கட்டாயம் வேண்டும்? உங்கள் ஏழில் இரண்டு போதும். நீரிலும் வண்டலிலும் டிடர்ஜென்ட் அளவை ஒப்பிடும் படம் 3. ஜாடியில் வண்டலோடும் வண்டல் இல்லாமலும் கலக்கி நுரையின் உயரத்தை அளந்த படம் 5. மாதவாரி வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், 11 மாறிகள் கொண்ட அட்டவணை எல்லாமே உழைத்துச் செய்தவை. ஆனால் அவற்றை எடுத்துவிட்டாலும் உங்கள் வாக்கியம் விழாது. அவை பேச்சுக்கு வேண்டாம்.

இரண்டு படமும் முடிவானபின் மற்ற ஸ்லைடுகளுக்கு ஒரே வேலைதான்: கேட்பவரை அந்தப் படங்களுக்குத் தயாராக்குவது. ஒவ்வொரு ஸ்லைடின் தலையிலும் “முடிவுகள்” போன்ற ஒற்றைச் சொல்லைப் போடாமல் முழு வாக்கியம் எழுதுங்கள். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே வாதம் புரிய வேண்டும்.

0:00 – பேச்சின் தலைப்பு, உங்கள் பெயர் (20 வினாடி)
0:20 – மழை பெய்ததும் ஏரியிலிருந்து நீர் வெளியேறும் இடத்தில் நுரை பொங்குகிறது (புகைப்படம், 60 வினாடி)
1:20 – மழைநீர் டிடர்ஜென்டை நீர்க்கச் செய்யும். நுரை குறைந்திருக்க வேண்டும் (50)
2:10 – மூன்று இடங்களில், மழைக்கு முன்னும் பின்னும் அளந்தோம் (வரைபடம், 50)
3:00 – டிடர்ஜென்ட் நீரில் குறைவு, அடிவண்டலில் அதிகம் (படம் 3, 120)
5:00 – வண்டலைக் கலக்கினால் நுரை எழுகிறது. வெறும் நீரில் எழவில்லை (படம் 5, 90)
6:30 – எங்கள் அளவீடு எல்லா வகை டிடர்ஜென்டையும் காட்டாது (40)
7:10 – வரும் கழிவுநீரை மட்டும் சுத்திகரித்தால் நுரை உடனே நிற்காது (50)

‘பேச்சின் உள்ளடக்கம்’ என்ற ஸ்லைடும் முந்தைய ஆய்வுகளுக்கான ஸ்லைடும் இதில் இல்லை, வேண்டியதும் இல்லை. பேச்சைத் தாங்குவது 1:20-இல் வரும் முரண்தான். நுரை குறைய வேண்டிய நேரத்தில் ஏன் கூடுகிறது என்ற கேள்வி மனதில் விழுந்தபின்தான் படம் 3 கேட்பவருக்கு விடையாகத் தெரியும். முந்தைய ஆய்வு எதையாவது குறிப்பிட்டே ஆக வேண்டுமென்றால் இந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும்.

முறைப் பகுதியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். குளோரோஃபார்மில் எத்தனை முறை பிரித்தெடுத்தீர்கள் என்பது கட்டுரைக்குத் தேவை. படத்தை நம்ப அரங்கிலுள்ளவருக்குத் தேவையானவை எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எதை வைத்து அளந்தது என்ற மூன்றுதான். “மெத்திலீன் புளூ முறை” என்று பெயரைச் சொல்லி நகர்ந்துவிடுங்கள். அந்த முறை எதிர்மின் வகை டிடர்ஜென்டைத்தான் காட்டும். நீரிலுள்ள வேறு சில கரிமப் பொருள்களும் அளவை ஏற்றிக் காட்டலாம். அந்த வரம்பை 6:30-இல் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால் கேள்வி நேரம் முழுவதும் அதற்கே போய்விடும்.

படங்களைக் கட்டுரையிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள். அச்சுக்காக 8 பாயின்ட்டில் போட்ட எழுத்து கடைசி வரிசைக்குத் தெரியாது. தரவிலிருந்து மறுபடி வரையுங்கள். பவர்பாயின்ட்டின் அகலத்திரை ஸ்லைடு 13.33 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். படத்தை 11 அங்குலத்தில் வரைந்து அதே அளவில் வைத்தால் 20 பாயின்ட் எழுத்து 20 ஆகவே இருக்கும். பாதியாகச் சுருக்கினால் எழுத்தும் 10 ஆகிவிடும். பைதானில் வரைவதானால் இப்படி:

```python
import matplotlib.pyplot as plt
plt.rcParams["font.size"] = 20
fig, ax = plt.subplots(figsize=(11, 5.5))
# ax-இல் படத்தை வரையவும்
fig.savefig("fig3.png", dpi=200)
```

சேமிக்கும்போது `bbox_inches="tight"` சேர்க்காதீர்கள். அது ஓரங்களை வெட்டிப் படத்தின் அளவை மாற்றிவிடும். படம் 3-இல் இப்போது ஆறு கட்டங்கள் உள்ளன. மழைக்கு முந்தைய நாளின் கட்டம் ஒன்றை மட்டும் பெரிதாக வையுங்கள். பிழைக்கோடுகள் இருக்கட்டும், அவற்றை எடுத்தால் நம்பகம் போய்விடும். நீருக்கு நீலம், வண்டலுக்குப் பழுப்பு என்று வைத்தால் அதே நிறங்கள் படம் 5-இலும் தொடர வேண்டும்.

படம் வந்ததும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள். படுக்கை அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன, ஒரு புள்ளியின் பொருள் என்ன என்று வரிசையாகச் சொல்லுங்கள். பதினைந்து இருபது வினாடி ஆகும். அதைத் தவிர்த்தால், கேட்பவர் அச்சுகளைத் தானே படித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் முடிவு அவர் காதில் விழாது. படம் 3-க்கு இரண்டு முழு நிமிடம் ஒதுக்கியது இதற்காகத்தான்.

விட்ட ஐந்து படங்களையும் அந்த அட்டவணையையும் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் ஸ்லைடு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஸ்லைடு ஷோவில் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் அந்த ஸ்லைடு நேராக வந்துவிடும். “ஆக்சிஜன் அளவு பார்த்தீர்களா?” என்று கேட்டால் தேடித் தடவ வேண்டியதில்லை.

ஒத்திகையை நின்றபடி, வாய்விட்டுப் பேசி, போனில் பதிவு செய்யுங்கள். படம் 3 திரைக்கு வரும் நேரத்தை மட்டும் பாருங்கள். அது 3:30-ஐத் தாண்டினால் முதல் மூன்று ஸ்லைடுகளில்தான் கொழுப்பு இருக்கிறது. பெரும்பாலும் ஏரியின் வரலாறும் பரப்பளவும். வேகமாகப் பேசி ஈடுகட்டாமல் அந்த வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். மேடையிலேயே நேரம் தவறிவிட்டால் 2:10-இன் வரைபட ஸ்லைடை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம். படம் 5-ஐ மட்டும் எந்த நிலையிலும் விடாதீர்கள். அது போனால் வண்டலில் டிடர்ஜென்ட் இருக்கிறது என்பதுதான் நிற்கும். நுரை அதனால் வருகிறது என்பதற்குச் சான்று இருக்காது.